சரளி வரிசைக்குள் ஒரு ஜாஸ் கார்டு

சனிக்கிழமை காலையில் பாட்டு வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை மாலையில் கீபோர்டு வகுப்பு. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் பக்கம் வளரும் பிள்ளைகள் பலருக்கு வாரக் கடைசி இப்படித்தான் போகிறது. முதல் வகுப்பில் சுருதிப் பெட்டியை ஓடவிட்டு மாயாமாளவகௌளையில் சரளி வரிசை. இரண்டாவதில் லண்டன் டிரினிட்டி கிரேடு தேர்வுக்கான ஸ்கேலும் கார்டும். அந்த இரண்டு ஆசிரியர்களும் ஒருவரையொருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஒரு வகுப்பில் படித்தது மற்ற வகுப்பில் கைகொடுக்கும் என்று பிள்ளைகளுக்கும் யாரும் சொல்வதில்லை.

அப்படி இரண்டு பக்கமும் படித்து வளர்ந்த மாணவி ஒருத்தி, கிழக்குத் தாம்பரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது என்னிடம் கேட்டாள்: "சார், ஜி7 வர வேண்டிய இடத்துல டி-பிளாட் 7 போடலாம்னு ஜாஸ் புத்தகத்துல இருக்கு. போட்டுப் பார்த்தா நல்லாவும் இருக்கு. ஆனா அந்த ரெண்டு கார்டும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத தூரத்துல இருக்கே. எப்படி சார் ஒத்துப்போகுது?"

"நீ சின்ன வயசுல பாடின சரளி வரிசையிலயே பதில் இருக்கும்மா" என்றேன். அவள் நம்பவில்லை. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஒரு கட்டை சுருதியை வைத்துக்கொள்வோம். அதாவது கீபோர்டில் சி என்கிற வெள்ளைக் கட்டைதான் நமக்கு ஸட்ஜம். அங்கிருந்து மேல் ஸட்ஜம் வரை கறுப்பு வெள்ளை எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்கள். அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே உள்ள தூரத்தை ஒரு ஸ்தானம் என்று வைத்துக்கொண்டால், இனி வரும் கணக்கு அத்தனையும் விரல்விட்டு எண்ணக்கூடியதுதான்.

இந்தச் சுருதியில் ஜி7 என்பது பஞ்சமத்தின்மேல் கட்டிய கார்டு. அதில் இருப்பவை ப, நி, ரி, ம. நிஷாதம் காகலி, ரிஷபம் சதுஸ்ருதி, மத்யமம் சுத்தம். இதை வாசித்துவிட்டுக் கையை எடுத்துப் பாருங்கள். ஏதோ பாதியில் நின்ற மாதிரி இருக்கும். ஸ-க-ப என்று சி மேஜரை வாசித்த பிறகுதான் மனம் அமரும். மேற்கத்திய இசையில் பாட்டு வீடு திரும்புகிற வழி பெரும்பாலும் இதுதான். சினிமாப் பாட்டின் பல்லவி முடிவிலும் சர்ச் பாட்டின் ஆமெனுக்கு முன்னாலும் இதை ஆயிரம் முறை கேட்டிருக்கிறோம்.

அந்த நான்கு ஸ்வரங்களில் வீட்டுக்குப் போகவேண்டும் என்று அவசரப்படுத்துவது எது? பஞ்சமம் இல்லை. அது சி மேஜரிலும் இருக்கிற ஸ்வரம், அசையாமல் நிற்கலாம். ரிஷபமும் அவ்வளவாக அவசரப்படுத்துவதில்லை. நிஜமான இழுப்பு ம, நி என்ற இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. இரண்டை மட்டும் சேர்த்து வாசித்தாலே தெரியும். உரசிக்கொண்டு, உடனே நகரத் துடிக்கும். நி ஒரு ஸ்தானம் மேலே ஏறி ஸட்ஜத்தில் அமரும். ம ஒரு ஸ்தானம் கீழே இறங்கி அந்தர காந்தாரத்தில் அமரும். இரண்டும் அமர்ந்ததும் ஸ-க கிடைத்துவிடுகிறது, காது வீடு வந்துவிட்டோம் என்று ஒப்புக்கொள்கிறது. அதனால்தான் ஜாஸ் பியானோக்காரர்கள் இடது கையில் மூலஸ்வரத்தை வைத்துக்கொண்டு, வலது கையில் இந்த இரண்டை மட்டும் வாசித்தே வேலையை முடித்துவிடுவார்கள். மூன்றாவது ஸ்வரமும் ஏழாவது ஸ்வரமும் போதும், கார்டின் குணம் தெரிந்துவிடும்.

இப்போது ம-விலிருந்து நி வரை எண்ணுங்கள். ஆறு ஸ்தானம். நி-யிலிருந்து மேல் ம வரை எண்ணுங்கள். அதுவும் ஆறு. பன்னிரண்டில் சரிபாதி. இந்த இடைவெளிக்குத்தான் டிரைடோன் என்று பெயர். வேறு எந்த இடைவெளிக்கும் இந்தக் குணம் கிடையாது. ஸ-விலிருந்து ப ஏழு ஸ்தானம், ஆனால் ப-விலிருந்து மேல் ஸ ஐந்துதான். எது கீழே எது மேலே என்பது அங்கே காதுக்குத் தெரியும். டிரைடோனில் அது தெரியாது. ம கீழே இருந்தாலும் நி கீழே இருந்தாலும் தூரம் ஒன்றே. கீபோர்டின் சம சுருதியில் இது கச்சிதமாக அமைகிறது. கார்டு மாற்றுகிற வித்தைக்கு அதுவே போதும்.

ஏழாவது ஸ்வரம் சேர்ந்த இப்படிப்பட்ட டாமினன்ட் கார்டில் மூன்றாவது ஸ்வரம் மூலத்திலிருந்து நான்கு ஸ்தானம் மேலே இருக்கும், ஏழாவது பத்து ஸ்தானம் மேலே. பத்தில் நான்கு போனால் ஆறு. ஆக எந்த டாமினன்ட் கார்டை எடுத்தாலும் அதற்குள் ஒரு டிரைடோன் இருக்கிறது. ஜி7-இல் நி மூன்றாவது, ம ஏழாவது. ஆனால் டிரைடோனில் கீழ்-மேல் வித்தியாசம் கிடையாது என்று பார்த்தோமே. அப்படியானால் ம-வை மூன்றாவது என்றும் நி-யை ஏழாவது என்றும் வைத்துக்கொண்டால் என்ன? ம-விலிருந்து நான்கு ஸ்தானம் கீழே எண்ணினால் எங்கே வருகிறோம்? சுத்த ரிஷபத்தில். அதுதான் டி-பிளாட்.

டி-பிளாட் 7 என்பது ரி, ம, த, நி. இங்கே ரிஷபமும் தைவதமும் சுத்தம். ஜி7-இன் உயிராக இருந்த ம-வும் நி-யும் அப்படியே உள்ளே இருக்கின்றன; அவற்றின் உத்தியோகம் மட்டும் இடம் மாறியிருக்கிறது. தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஒரு வாசல், மேற்கே ஒரு வாசல். எந்தப் பக்கம் படியேறினாலும் பீச் போகிற வண்டி ஒன்றுதான். அதுபோல ஒரு டிரைடோனுக்கு இரண்டு மூலங்கள். பன்னிரண்டு ஸ்தானத்தில் ஆறு டிரைடோன், பன்னிரண்டு டாமினன்ட் கார்டு. ஒவ்வொன்றையும் இரண்டு கார்டுகள் பங்கிட்டுக்கொள்கின்றன.

புத்தகங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் விளக்கத்தை நிறுத்திவிடும். இரண்டு ஸ்வரம் பொதுவாக இருக்கிறது, அதனால் ஒத்துப்போகிறது என்று. அது பாதி பதில்தான். மீதி இரண்டு ஸ்வரங்கள் அந்நியமாயிற்றே, அவை ஏன் காதை உறுத்துவதில்லை? இதற்குத்தான் சரளி வரிசை.

ஸ ரி க ம ப த நி ஸ. மாயாமாளவகௌளை. பதினைந்தாவது மேளம், ஒரு கட்டை சுருதியில். இந்த ஏழு ஸ்வரத்தில் ஸ, க, ப மூன்றையும் தனியே எடுத்து வையுங்கள். அது சி மேஜர், நம் வீடு. மிச்சம் என்ன? ரி, ம, த, நி. அதாவது டி-பிளாட் 7, ஒரு ஸ்வரம் கூடாமல், ஒரு ஸ்வரம் குறையாமல். நம் ஊர்ப் பிள்ளைகள் முதன்முதலில் பாடுகிற ராகத்தின் ஏழு ஸ்வரமும் ஜாஸின் இந்தப் பதிலிக் கார்டாகவும் அது போய்ச் சேருகிற வீடாகவும் சரியாகப் பிரிந்துவிடுகிறது. இதைச் சொன்னபோது அந்த மாணவி டீ கிளாஸை வைத்துவிட்டு மேசை மேல் விரலால் எண்ணிப் பார்த்தாள். எண்ணிப் பார்க்க வேண்டிய விஷயம்தான்.

இது தற்செயல் இல்லை. மாயாமாளவகௌளையின் அமைப்பைப் பாருங்கள். ரி ஸட்ஜத்தை ஒட்டி, ஒரே ஸ்தானம் மேலே. ம காந்தாரத்தை ஒட்டி, ஒரே ஸ்தானம் மேலே. த பஞ்சமத்தை ஒட்டி, ஒரே ஸ்தானம் மேலே. நி மேல் ஸட்ஜத்தை ஒட்டி, ஒரே ஸ்தானம் கீழே. வீட்டின் மூன்று ஸ்வரங்களுக்கும் பக்கத்தில் ஆள் நிற்கிறது, ஸட்ஜத்துக்கு மட்டும் இரண்டு பக்கமும். டி-பிளாட் 7 இந்த நான்கு பேரையும் ஒரே நேரத்தில் ஒலிக்கவிடுகிறது. பிறகு ரி ஸ-வுக்கும், ம க-வுக்கும், த ப-வுக்கும் இறங்க, நி ஸ-வுக்கு ஏறுகிறது. யாரும் ஒரு ஸ்தானத்துக்கு மேல் நகரவில்லை, யாரும் தாண்டிக் குதிக்கவில்லை. ஜி7 வீட்டுக்குப் போகும்போதுகூட பேஸ் பஞ்சமத்திலிருந்து ஸட்ஜத்துக்கு ஐந்து ஸ்தானம் தாண்ட வேண்டியிருக்கிறது. பதிலியில் அந்தத் தாண்டலும் இல்லை. வழுக்கிக்கொண்டு இறங்குகிற உணர்வு அங்கிருந்துதான் வருகிறது.

கிரேடு தியரியில் மேல்படிகளுக்குப் போனவர்களுக்கு ஆக்மெண்டட் சிக்ஸ்த் கார்டு ஞாபகம் வரலாம். அதிலும் இதே விஷயம்தான்: கீழ்க்குரல் இறங்க, மேல்குரல் ஏற, இரண்டும் ஒரே ஸ்வரத்தை இருபுறமிருந்தும் வந்து தொடும். ஐரோப்பியச் செவ்வியல் இசையில் அது பெரும்பாலும் பஞ்சமத்தை நோக்கிப் போகும். 1940களில் பீபாப் கலைஞர்கள் அந்த இறக்கத்தை எந்த டாமினன்டுக்குப் பதிலாகவும் தாராளமாகப் புழங்க ஆரம்பித்தார்கள்.

கையால் செய்து பார்க்காமல் இது உள்ளே போகாது. கீபோர்டு முன்னால் உட்காருங்கள். ஜாஸில் அடிக்கடி வருகிற இறுதி நடை டி மைனர் 7, ஜி7, சி மேஜர் 7. இடது கையில் மூலஸ்வரம் மட்டும்: ரி, ப, ஸ. வலது கையில் இரண்டிரண்டு ஸ்வரம்: முதலில் ம-வும் மேல் ஸ-வும், அடுத்து ம-வும் நி-யும், கடைசியில் க-வும் நி-யும். வலது கை எவ்வளவு கொஞ்சமாக நகர்கிறது என்று கவனியுங்கள். முதல் மாற்றத்தில் ஸ மட்டும் நி-க்கு இறங்குகிறது, இரண்டாவதில் ம மட்டும் க-வுக்கு இறங்குகிறது.

மறுபடி வாசியுங்கள். வலது கையில் ஒன்றையும் மாற்றாதீர்கள். இடது கை மட்டும் நடுவில் பஞ்சமத்துக்குப் பதிலாகச் சுத்த ரிஷபத்துக்குப் போகட்டும். சதுஸ்ருதி ரிஷபம், சுத்த ரிஷபம், ஸட்ஜம் என்று பேஸ் படிப்படியாக இறங்குகிறது. வலது கைக்குக் கீழே ஏதாவது மாறியதா என்றே அதற்குத் தெரியாது. இதைவிட நல்ல நிரூபணம் எனக்குத் தெரியவில்லை. பதிலி என்று சொல்வதைவிட, அதே கார்டுக்கு வேறு பேஸ் என்று நினைத்துக்கொள்வதுதான் வாசிக்கிறவருக்கு உதவும்.

டியூக் எலிங்டனும் பில்லி ஸ்ட்ரேஹார்னும் சேர்ந்து செய்த 'சாட்டின் டால்' 1953-இல் வந்தது. பெரும்பாலும் சி-யில்தான் வாசிக்கிறார்கள், ஆகவே நம் ஒரு கட்டைக் கணக்கு அப்படியே பொருந்தும். அதன் முதல் பகுதி முடிகிற இடத்தில் டி7 வருகிறது. கேட்பவருக்கு அடுத்து ஜி7 வரும், பிறகு வீடு என்று தோன்றும். ஆனால் ஏ-பிளாட் மைனர் 7, டி-பிளாட் 7 என்று இரண்டு கார்டுகள் வந்து, அங்கிருந்து நேராக சி மேஜர் 7-இல் இறங்கிவிடும். டி-பிளாட் 7-க்கு முன்னால் அதற்கு உரிய துணைக் கார்டையும் சேர்த்தே அழைத்து வந்திருக்கிறார்கள். அதனால் பாட்டு ஒரு கணம் வேறு ஊருக்குப் போய்விட்டது போல இருக்கும். ஒரு ஸ்தானம் இறங்கியதும் வீட்டில் இருப்போம். எலிங்டன் 1963-இல் தன் குழுவுடன் இந்தியா வந்து வாசித்தார். அதற்கு முன்பே, 1958-இல், டேவ் புரூபெக் சென்னைக்கு வந்திருந்தார். பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்து ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களில் டான்ஸ் பேண்டு வாசித்தவர்களுக்கு இந்த இசை புதிதல்ல. நம் காலத்தில் ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்துவிட்டு பெர்க்லிக்குப் போன கிட்டார் கலைஞர் பிரசன்னா கர்நாடக இசை, ஜாஸ் இரண்டையும் ஒரே கருவியில் வாசிக்கிறார்.

இனி, எங்கே ஒத்துவராது என்பது. அதுவும் இதே கணக்கிலிருந்துதான் வரும்.

முதலில், ஏழாவது ஸ்வரத்தை விட்டால் எல்லாம் போய்விடும். வெறும் ஜி மேஜரில் ப, நி, ரி. வெறும் டி-பிளாட் மேஜரில் ரி, ம, த. முன்னதில் சதுஸ்ருதி ரிஷபம், பின்னதில் சுத்த ரிஷபம், ஆக ஒரு ஸ்வரம்கூடப் பொது இல்லை. அதேபோல டி-பிளாட் மேஜர் 7 வாசித்தாலும் வேலை நடக்காது. அதில் நி இருக்க வேண்டிய இடத்தில் ஸட்ஜம் வந்துவிடுகிறது. போய்ச் சேர வேண்டிய ஸ்வரம் முன்கூட்டியே கார்டுக்குள் உட்கார்ந்திருந்தால் அங்கே போகவேண்டும் என்ற தவிப்பு எப்படி வரும்? அது அழகான கார்டுதான், ஆனால் இழுக்காது. மாணவர்கள் இதில் தடுமாறுவதைக் காதால் உடனே கண்டுபிடித்துவிடலாம்: முடிவு இனிமையாக இருக்கும், ஆனால் முடிந்த மாதிரி இருக்காது.

இரண்டாவது, மேலே என்ன ராகம் ஓடுகிறது, அதாவது பாடுபவர் எந்த ஸ்வரத்தில் நிற்கிறார் என்பது. பாடுபவர் ப-வில் நின்றால் கவலையே வேண்டாம். டி-பிளாட் 7-இன் மேல் பஞ்சமம் ஒரு தனி வெளிச்சத்தோடு மிதக்கும்; ஜாஸ்காரர்கள் அதைத் தேடிப் போய் வைப்பார்கள். ம-விலோ நி-யிலோ நின்றாலும் சரி, அவை கார்டின் ஸ்வரங்களே. சிக்கல் சதுஸ்ருதி ரிஷபத்தில். ரி-ஸ என்று முடிகிற பாட்டுகள் ஏராளம். பாடுபவர் சதுஸ்ருதி ரிஷபத்தை நீட்டிக்கொண்டிருக்க, நீங்கள் பேஸில் சுத்த ரிஷபத்தை ஊன்றினால் இரண்டு ரிஷபமும் முட்டிக்கொள்ளும். ஜாஸில் அந்த உரசலை வேண்டுமென்றே வைப்பவர்கள் உண்டு. கல்யாண வீட்டு மெல்லிசை மேடையிலோ ஞாயிறு ஆராதனையிலோ அது தப்பு விழுந்தது போலத்தான் கேட்கும். சர்ச்சில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நான்கு குரலில் எழுதிய பாட்டில் ஆல்டோவோ டெனரோ அந்த ரிஷபத்தை ஏட்டில் உள்ளபடி பாடிக்கொண்டிருப்பார்கள். ஆர்கனில் இருப்பவர் தனியாக கார்டை மாற்றினால் பாடகர் குழுவின் சுருதி தடுமாறும். கருவி மட்டும் ஒலிக்கிற முன்னிசையில் மாற்றுங்கள். குரல்கள் சேர்ந்ததும் ஜி7-க்கே திரும்பிவிடுங்கள்.

குழுவில் வாசிக்கும்போது யாருக்குச் சொல்லவேண்டும் என்பதிலும் ஒரு வேடிக்கையான சமச்சீரின்மை இருக்கிறது. பேஸ் கிட்டார்காரர் பஞ்சமத்திலேயே நிற்க, கீபோர்டில் நீங்கள் மட்டும் டி-பிளாட் 7 வாசித்தால் பிரச்சினை இல்லை. கேட்பவர் காதில் அது காரம் கூடிய ஒரு ஜி7 ஆக விழும். ஆனால் பேஸ்காரர் சுத்த ரிஷபத்துக்குப் போய்விட, கிட்டார்காரர் விஷயம் தெரியாமல் ஓபன் ஜி7-ஐ அடித்தால், அதிலுள்ள டி தந்தியின் சதுஸ்ருதி ரிஷபம் பேஸோடு மோதும். ஆகவே பேஸ் மாறுகிறது என்றால் எல்லாருக்கும் சொல்லியாக வேண்டும்.

மூன்றாவதைப் பாட்டு வகுப்புப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மாயாமாளவகௌளைக்குள் இவ்வளவும் இருக்கிறதென்றால் கச்சேரியில் ஏன் இந்த கார்டு கேட்பதில்லை? தம்பூரா ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. அடித்தளம் அசையாது. டி-பிளாட் 7-இன் விளைவு, பேஸ் வீட்டைவிட்டு விலகி நின்று பிறகு திரும்புவதில் இருக்கிறது. வீட்டு ஸ்வரம் ஓயாமல் ஒலிக்கிற இடத்தில் அந்த விலகல் நடக்கவே முடியாது. அங்கே அதே நான்கு இழுப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே குரலில் நடக்கின்றன. ரிஷபத்தைக் கமகத்தோடு அசைத்து ஸட்ஜத்தில் இறக்கும்போது பாடகர் செய்வது அந்த வேலையைத்தான், மெதுவாக, அதன் சுவை தெரியும்படி. அந்த அசைவு ராகத்துக்கு உரியது, கீபோர்டின் அசையாத கட்டையில் கிடைக்காது. ராகத்தை கார்டாகச் சுருக்கிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஸ்வரங்கள் எங்கே இழுக்கின்றன என்ற அறிவு இரண்டு இசைக்கும் பொது, அவ்வளவுதான்.

சுருதி மாறினால் கணக்கும் கூடவே நகரும். எந்த கார்டுக்குப் போக வேண்டுமோ அதன் மூலத்துக்கு ஒரு ஸ்தானம் மேலே உள்ள கட்டையில் டாமினன்ட் ஏழைக் கட்டுங்கள். ஐந்து கட்டையில், அதாவது ஜி-யை வீடாக வைத்து வாசிக்கிறீர்கள் என்றால் அது ஏ-பிளாட் 7. வீட்டுக்குப் போகும்போது மட்டும்தான் என்றில்லை, பாட்டின் நடுவில் வேறு கார்டுக்குப் போகும்போதும் செய்யலாம். ஒரு கட்டையில் சி, ஏ7, டி மைனர் 7, ஜி7 என்று சுற்றிவருகிற நடையை எல்லாரும் வாசிப்பார்கள். அதில் ஏ7-க்குப் பதில் ஈ-பிளாட் 7, ஜி7-க்குப் பதில் டி-பிளாட் 7. இடது கையில் ஸட்ஜத்துக்குப் பிறகு சாதாரண காந்தாரம், சதுஸ்ருதி ரிஷபம், சுத்த ரிஷபம், மறுபடி ஸட்ஜம். வலது கையில் ஈ-பிளாட் 7-க்கு சுத்த ரிஷபத்தையும் அதற்குக் கீழே உள்ள பஞ்சமத்தையும் சேர்த்துப் பிடியுங்கள். அடுத்த கார்டுக்கு இரண்டு விரலும் இறங்கினால் ஸ-ம. அதற்கடுத்து மேல்விரல் மட்டும் இறங்கினால் நி-ம. கடைசியில் கீழ்விரல் மட்டும் இறங்கினால் நி-க. இதை முதலில் மிக மெதுவாக, ஒரு கார்டுக்கு நான்கு எண்ணிக்கை வைத்து வாசியுங்கள். எந்த விரல் எப்போது இறங்குகிறது என்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டு ஸ்வரத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே.